நைட் ஷிஃப்ட்டா, ஓ.டி.யா, வெளியே கொடுப்பதா: 34 ரூபாய் ஆர்டருக்கு ஒரு கணக்கு

கோவையில் சி.என்.சி. ஷெட் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரண்டு ஷிஃப்ட்டும் நிறைந்து ஓடுகிறது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் கூடுதலாக ஒரு ஆர்டர் தருகிறேன் என்கிறார், ஆனால் ரேட்டைக் குறைத்துக் கேட்கிறார். ஆடிட்டர் "நஷ்டம், வேண்டாம்" என்கிறார். ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பியோ, "மெஷின் ராத்திரி சும்மாதானே நிற்கிறது, எடுத்துவிடலாம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பெரும்பாலும் இரண்டு பேரும் பாதிதான் சரி. கடந்த ஆண்டு நான் உட்கார்ந்து போட்ட ஒரு கணக்கை இங்கே எடுத்து வைக்கிறேன். ஷெட்டின் அடையாளம் தெரியாமலிருக்க எண்களைக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன். உங்கள் ஷெட்டின் எண்கள் வேறாக இருக்கும். போடும் முறை ஒன்றுதான்.

ஷெட்டில் ஒரே மாதிரியான 6 டர்னிங் சென்டர்கள். காலை 6 முதல் 2, 2 முதல் இரவு 10 என இரண்டு ஷிஃப்ட். 5 நிமிட சைக்கிள் என்பதால் ஒரு ஆபரேட்டர் இரண்டு மெஷினைப் பார்த்துக்கொள்வார். வேலை, பம்புக்கான ஃபிளேஞ்ச். காஸ்டிங் வாடிக்கையாளருடையது, நமக்குக் கூலி மட்டும். வழக்கமான ரேட் பீஸுக்கு 46 ரூபாய். வாடகை, தேய்மானம், ஆபீஸ் செலவு எல்லாம் ஏற்றிப் போட்ட முழு அடக்கம் 42. இப்போது மாதம் 8,000 பீஸ், மூன்று மாதம், 34 ரூபாய்க்குச் செய்து தர முடியுமா என்று கேட்கிறார்கள்.

ஆடிட்டர் 42-இல் 34 போக 8 ரூபாய் நஷ்டம் என்றார். தம்பி, கூலியும் கரன்ட்டும் டூலும் சேர்த்தாலே 20 ரூபாய்தான் வரும், 14 ரூபாய் லாபம் என்றார்.

## முதலில் அளவுகோல்கள்

வழிகள் மூன்று: இருக்கிற ஆட்களுக்கு ஓ.டி. கொடுப்பது, இரவு 10 முதல் காலை 6 வரை மூன்றாவது ஷிஃப்ட் திறப்பது, பக்கத்து ஷெட்டுக்கு ஜாப் ஒர்க்காக அனுப்புவது. மூன்றையும் நான்கு கேள்விகளால் உரசிப் பார்த்தேன்.

ஒன்று, இந்த ஆர்டரை எடுப்பதால் புதிதாகக் கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு? ஷெட் வாடகை ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் போகும், அதனால் அது கணக்கில் வராது. பேங்க் தவணையும் அப்படித்தான். இரவு வாட்ச்மேன் ஏற்கெனவே இருக்கிறார். அவருடைய சம்பளத்தை நைட் ஷிஃப்ட்டின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் ஸ்பிண்டில் ஓடும் மணிக்கேற்பத் தேயும் பேரிங்கும் பெல்ட்டும் ஆயிலும் வரும்.

இரண்டு, அந்தப் பணத்தில் எவ்வளவு பீஸோடு ஏறி இறங்குகிறது, எவ்வளவு ஷிஃப்ட்டைத் திறந்த உடனேயே விழுந்துவிடுகிறது? இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

மூன்று, அந்த வழியில் மாதம் எத்தனை பீஸ் உண்மையில் எடுக்க முடியும்?

நான்கு, ஆர்டர் நடுவில் நின்றால் என்ன ஆகும்?

## மூன்றாவது ஷிஃப்ட்

நான்கு மெஷினை இரவில் ஓட்டுவது என்று வைத்தோம். மெஷினுக்கு ஓர் இரவுக்கு 80 பீஸ், 25 இரவு, ஆக 8,000. முதலில் ஷிஃப்ட்டைத் திறந்தாலே விழும் செலவுகள்.

ஆட்கள்: இரண்டு ஆபரேட்டர் தலா 18,000, ஒரு ஹெல்ப்பர் 14,000. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ், கிராஜுவிட்டி, லீவு என்று இதன்மேல் சுமார் 25 சதவீதம் வைத்தால் 62,500 ரூபாய்.

சூப்பர்வைசர்: இரவில் ஆஃப்செட் மாற்றவும், இன்செர்ட் உடைந்தால் செட்டிங் போடவும், முதல் பீஸைப் பாஸ் செய்யவும் ஒருவர் இருந்தாக வேண்டும். 28,000 சம்பளம், மேல் செலவோடு 35,000. இவர் நான்கு மெஷினைப் பார்த்தாலும் இதே சம்பளம்தான், பன்னிரண்டைப் பார்த்தாலும் இதேதான். சிறிய ஷெட்டுகளில் நைட் ஷிஃப்ட்டை விலை ஏற்றுவது கரன்ட் அல்ல, இந்த ஒரு ஆள்தான். "ஆபரேட்டரே பார்த்துக்கொள்வார்" என்று இந்தச் செலவை வெட்டியவர்களும் உண்டு. அந்தப் பணம் வேறு வழியில் போகும். ரிஜெக்‌ஷன் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

நைட் அலவன்ஸ்: ஓர் இரவுக்கு 120 ரூபாய், நான்கு பேர், 25 இரவு. 12,000. டீ, இரவுச் சாப்பாடு 6,000.

கம்ப்ரஸரும் விளக்கும்: 10,500 ரூபாய். இதை ஏன் மெஷின் கரன்ட்டோடு சேர்க்காமல் பிரித்தேன் என்றால், நாலு மெஷின் ஓடினாலும் ரெண்டு ஓடினாலும் இது அநேகமாகக் குறையாது. ஒருமுறை அதிகாலை மூன்று மணிக்கு ஒரு ஷெட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் ஸ்க்ரூ கம்ப்ரஸர் நிமிடத்துக்கு ஒருமுறை லோட் எடுத்து, உடனே இறங்கி, வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. இறங்கி ஓடும்போதும் அது முழு லோடில் இழுக்கும் கரன்ட்டில் கால் பங்குக்குக் குறையாமல் இழுக்கும். அந்த ஷெட்டில் காற்றுக் குழாய் மூன்று இடத்தில் சீறிக்கொண்டும் இருந்தது. பகலில் அந்தச் சத்தம் யார் காதிலும் விழாது.

இதுவரை கூட்டினால் 1,26,000 ரூபாய். ஒரு பீஸ்கூட எடுக்காமலே போகிற பணம் இது.

இனி பீஸோடு ஏறும் செலவு. நான்கு மெஷினுக்கான கரன்ட் பீஸுக்கு 3.75. இன்செர்ட்டும் கூலன்ட்டும் 4 ரூபாய். பராமரிப்பு 1.90. ரிஜெக்‌ஷன் 3.75.

ரிஜெக்‌ஷன் எண் பெரிதாகத் தெரியலாம். நம்முடைய கூலி 34 ரூபாய்தான். ஆனால் ஒரு பீஸ் போரில் ஓவர்சைஸ் ஆனால் காஸ்டிங் விலையை வாடிக்கையாளர் டெபிட் செய்வார். கிடைக்காமல் போன கூலியும் சேர்த்து 250 ரூபாய் போகும். நூற்றுக்கு ஒன்றரை போனால் பீஸுக்கு 3.75. பகலில் இதே ஷெட்டில் நூற்றுக்கு அரைதான் போகிறது. இரவு ஏன் கூடுகிறது என்று கேட்டால் தூக்கம் என்பார்கள். தூக்கம் ஒரு காரணம்தான். இன்னொன்று, பின்னிரவில் ஷெட் குளிர்கிறது. டீ நேரத்தில் கால் மணி நேரம் நின்ற மெஷினை மறுபடி ஓட்டும்போது ஸ்பிண்டில் சூடு இறங்கியிருக்கும், சைஸ் சில மைக்ரான் நகர்ந்துவிடும். நின்று ஓட்டிய பிறகு வரும் முதல் பீஸைத் துடைத்து, போர் கேஜைவிட்டுப் பார்த்து, ஆஃப்செட் கொடுக்கும் பழக்கம் இருந்தால் ஒரு பீஸோடு போகும். இல்லையென்றால் காலையில் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் ஒரு ட்ரே முழுக்கச் சிவப்பு பெயின்ட்தான். சூப்பர்வைசர் சம்பளத்தை மிச்சப்படுத்தியவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கும் இடம் இதுதான். ரிஜெக்‌ஷன் ஒன்றரையிலிருந்து மூன்றுக்கு ஏறினால் 8,000 பீஸுக்கு இன்னும் 30,000 போகும். சூப்பர்வைசர் செலவு 35,000.

பீஸோடு ஏறுவது மொத்தம் சுமார் 13.40. மாதத்துக்கு 1,07,000. வாடிக்கையாளர் பணம் தர 90 நாள் ஆகும், அதற்கு வட்டி 7,000. ஆக 1,26,000 + 1,07,000 + 7,000 = 2,40,000. பீஸுக்குச் சரியாக 30 ரூபாய்.

34-க்கு 4 ரூபாய் மிச்சம். ஆடிட்டர் சொன்ன நஷ்டமும் இல்லை, தம்பி சொன்ன 14 ரூபாய் லாபமும் இல்லை. இங்கேயே நிறுத்திவிட்டால் தப்பு.

### கரன்ட் பில்லில் ஒரு பொறி

ஷெட்டின் அக்கவுன்டன்ட் முதலில் எனக்குக் கொடுத்த கணக்கில் கரன்ட் யூனிட்டுக்கு 10.50 என்று இருந்தது. பில் தொகையை யூனிட்டால் வகுத்திருந்தார். அந்தத் தொகைக்குள் டிமாண்ட் சார்ஜும் இருக்கிறது. டிமாண்ட் சார்ஜ் என்பது மாதத்தில் ஒரே நேரத்தில் நீங்கள் இழுத்த உச்ச அளவுக்கோ, அனுமதி வாங்கி வைத்திருக்கும் அளவின் ஒரு பகுதிக்கோ கட்டுவது. பகலில் 6 மெஷினும் ஓடும்போதே அந்த உச்சம் பதிவாகிவிட்டது. இரவில் 4 மெஷின் ஓடினால் அது ஒரு கே.வி.ஏ. கூட ஏறாது. ஆக, இரவுக்குப் போட வேண்டியது யூனிட் கட்டணமும் அதன்மேல் வரியும் மட்டும்தான். இந்த ஷெட்டுக்கு அது சுமார் 8 ரூபாய்.

வித்தியாசம் யூனிட்டுக்கு 2.50. மாதம் சுமார் 5,060 யூனிட்டுக்கு 12,650 ரூபாய், இல்லாத செலவு. கீழே வரும் கடைசி லாபத்தைப் பார்த்தால், இந்த ஒரு தவறே ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல வைத்திருக்கும் என்பது தெரியும்.

உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாலை உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணமும், இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. இந்த ஷெட் அளவுக்கு அந்தத் தள்ளுபடி மாதம் இரண்டாயிரத்தைத் தொடாது. அதை நம்பி நைட் ஷிஃப்ட் திறக்க வேண்டாம், இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் வாட்ச்மேனிடம் சொல்லி இரவு 10-க்கும் காலை 6-க்கும் மீட்டர் ரீடிங்கை நோட்டில் எழுத வையுங்கள். மெஷின் ஓடாத இரவிலேயே ஷெட் எவ்வளவு இழுக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். அது ஏற்கெனவே போகிற செலவு, நைட் ஷிஃப்ட் கணக்கில் சேராது.

### நைட் கணக்கில் வராத நைட் செலவு

நைட்டுக்கு 120 ரூபாய் அலவன்ஸ் என்று அறிவித்த மறுநாள், இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் வந்து நின்றார்கள். "நாங்களும் ராத்திரி பத்து மணிக்குத்தான் போறோம், பஸ் கிடைக்கிறதில்லை, எங்களுக்கு எதுவும் இல்லையா சார்?" நியாயமான கேள்வி. பேசி 50 ரூபாயில் முடிந்தது. ட்ரில்லிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து இரண்டாவது ஷிஃப்ட்டில் 9 பேர். மாதம் 11,250. இந்தப் பணம் இரண்டாவது ஷிஃப்ட் சம்பளப் பட்டியலில்தான் ஏறும், யாரும் நைட் செலவாக எழுத மாட்டார்கள். ஆனால் நைட் திறக்காவிட்டால் இது போயிருக்காது. அப்போ இது நைட் செலவுதான்.

இன்னொன்று, ஆள் பிடிப்பது, பழக்குவது, முதல் வாரம் பாதி உற்பத்தி. 30,000 என்று வைத்து மூன்று மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 10,000.

இரண்டையும் சேர்த்தால் 2,61,250. பீஸுக்கு 32.66. வருமானம் 2,72,000. மிச்சம் மாதத்துக்கு 10,750 ரூபாய்.

எடுக்கலாமா? மிச்சம் இருக்கிறது, ஆனால் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். 8,000 என்று சொன்னவர் 7,000 காஸ்டிங்தான் அனுப்புகிறார் என்றால் பீஸ் அடக்கம் 35.40. 6,000 என்றால் 39 ரூபாய். ஆர்டர் எட்டில் ஒரு பங்கு குறைந்தாலே 34 ரூபாய் நஷ்டமாகிவிடுகிறது. மாதத் தொடக்கத்தில் காஸ்டிங் நாலு நாள் தாமதமாக வருவது எத்தனை முறை நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த நாலு இரவும் ஆள் உட்கார்ந்திருப்பார், சம்பளம் ஓடும்.

இந்த வழி எப்போது சரி: அளவு நிச்சயமாக இருக்கும்போது. அல்லது வேறு வேலைக்காக நைட் ஏற்கெனவே திறந்திருக்கும்போது. இரண்டாவது நிலையில் சூப்பர்வைசர், கம்ப்ரஸர், இரண்டாவது ஷிஃப்ட் அலவன்ஸ் எல்லாம் முதல் ஆர்டரே சுமந்துவிட்டது. கூட ஒரு ஆபரேட்டரும் பீஸ் செலவும்தான் புதிது. 34 ரூபாய் நல்ல விலையாகவே இருக்கும்.

## ஓ.டி.

முதல் ஷிஃப்ட் இரண்டு மணி நேரம் முன்னால் வருவது, இரண்டாவது ஷிஃப்ட் இரண்டு மணி நேரம் பின்னால் போவது. இரட்டிப்புச் சம்பளம் என்றதும் ஓனர்கள் இதை முதலிலேயே தள்ளிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியம்.

18,000 சம்பள ஆபரேட்டருக்கு 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 86.50, இரட்டித்தால் 173. அவர் இரண்டு மெஷினில் மணிக்கு 20 பீஸ் எடுப்பார். மூன்று ஆபரேட்டர், ஒரு ஹெல்ப்பர், ஒரு சூப்பர்வைசர் என ஐந்து பேருக்கும் இரட்டிப்புக் கொடுத்து, ஈ.எஸ்.ஐ.யும் சேர்த்து 6 மெஷினின் 60 பீஸால் வகுத்தால் பீஸுக்கு 16 ரூபாய் வருகிறது. நைட் ஷிஃப்ட்டில் ஆள், சூப்பர்வைசர், அலவன்ஸ், சாப்பாடு சேர்ந்து பீஸுக்கு 14.40. இரட்டிப்புக்கும் ஒற்றைக்கும் இடையே வித்தியாசம் வெறும் ஒன்றரை ரூபாய்தான்! காரணம் எளிது. ஓ.டி. சம்பளத்துக்குப் பி.எஃப். கிடையாது, லீவு, கிராஜுவிட்டி ஏறாது, சூப்பர்வைசர் நான்குக்குப் பதில் ஆறு மெஷினைப் பார்க்கிறார். பழைய சட்டப்படி ஓ.டி. சம்பளத்துக்கு ஈ.எஸ்.ஐ. மட்டும் கட்ட வேண்டியிருந்தது, அதைச் சிலர் மறந்துவிடுவார்கள்.

கரன்ட், டூல், களைப்பில் கொஞ்சம் கூடும் ரிஜெக்‌ஷன், வட்டி எல்லாம் சேர்த்து ஓ.டி. பீஸ் சுமார் 31 ரூபாய். ஆள் பிடிக்கும் செலவு இல்லை, இரண்டாவது ஷிஃப்ட் சண்டை இல்லை, காஸ்டிங் வராத நாளில் செலவும் இல்லை. 500 பீஸ் எடுத்தாலும் இதே 31 தான்.

அப்புறம் ஏன் எல்லாவற்றையும் ஓ.டி.யிலேயே முடிக்கக் கூடாது? சட்டம் விடாது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு ஓ.டி.யைக் காலாண்டுக்கு ஓர் ஆளுக்கு 50 மணி நேரத்தில் நிறுத்தியது. 65-ஆம் பிரிவில் விலக்கு வாங்கினால் 75. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இரட்டிப்பு அப்படியே இருக்கிறது. மணி வரம்பை மாநில விதிப்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பழைய 50-ஐயே வைத்துக் கணக்குப் போட்டேன். 6 ஆபரேட்டர்கள், தலா மாதம் 16 மணி நேரம். மணிக்கு 20 பீஸ் வீதம் மாதம் 1,900 சொச்சம். 2,000 என்றே வைத்துக்கொள்ளலாம். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் மாதம் 50 மணி, காலாண்டுக்கு 150. எந்தப் பழைய வரம்புக்குள்ளும் அது அடங்காது.

வரம்பை மீறி "மஸ்டரில் காட்டாமல்" ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கணக்கில் சேர்த்து விலை சொன்னால், விலையைக் கட்டிக்காப்பது அந்த மீறல்தான். ஒரு விபத்து நடந்தால் முதலில் கேட்கப்படுவது அன்றைய வேலை நேரம். அது போக, அடுத்த நாள் ஷிஃப்ட்டில் உற்பத்தி குறைகிறதா என்று பாருங்கள். ஓ.டி. செய்த மறுநாள் எட்டு மணி நேரத்தில் வழக்கமான 80-க்குப் பதில் 74 வந்தால், முந்தைய நாள் ஓ.டி. பீஸ்களில் சில வெறும் இடமாற்றம்தான், இரட்டிப்பு விலையில். ஷிஃப்ட் வாரியாக உற்பத்திப் பலகையில் எழுதினால் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

இந்த வழி எப்போது சரி: மாதம் 2,000 பீஸுக்குள், அல்லது இன்னும் எத்தனை வரும் என்று தெரியாத முதல் மாதம். 2,000 பீஸுக்கு நைட் திறந்தால், ஓர் ஆபரேட்டரோடு இரண்டு மெஷின் ஓட்டினாலும், பீஸ் 60 ரூபாயைத் தாண்டும்.

## வெளியே ஜாப் ஒர்க்

இரண்டு தெரு தள்ளி இருக்கும் சின்ன ஷெட் 30 ரூபாய்க்குச் செய்து தருகிறேன் என்றது. 4 ரூபாய் சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும்.

வண்டி வாடகை, ஏற்றி இறக்குவது 1 ரூபாய். வந்த பீஸை நாம் ஒருமுறை பார்த்துத்தான் அனுப்ப வேண்டும், 1.25. ரிஜெக்‌ஷன் நூற்றுக்கு இரண்டு என்று வைத்தேன். டெபிட்டில் பாதியைத்தான் அந்த ஷெட்டிடமிருந்து திரும்ப வாங்க முடியும். 30 ரூபாய்க் கூலி வாங்குபவரிடம் 250 ரூபாய் டெபிட்டை மாதாமாதம் முழுதாகப் போட்டால் அடுத்த மாதம் அவர் இருக்க மாட்டார். ஆக 2.50. அவருக்குப் பதினைந்து நாளில் பணம் வேண்டும், நமக்கு வருவதோ 90 நாளில். வட்டி 75 பைசா. ஆக மொத்தம் 35.50. பீஸுக்கு ஒன்றரை ரூபாய் கையை விட்டுப் போகிறது. ஜி.எஸ்.டி. திரும்ப வரவு கிடைக்கும் என்பதால் செலவில் சேர்க்கவில்லை. அதுவரை பணம் முடங்குவது உண்மை.

அது போக, காஸ்டிங் வாடிக்கையாளருடையது. வேறு இடத்தில் மெஷினிங் செய்ய அவர் ஒப்புதல் வேண்டும். சொல்லாமல் அனுப்பி, ஆடிட்டுக்கு வந்தவர் "இந்த பேட்ச் எந்த மெஷினில் ஓடியது?" என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்த வழி எப்போது சரி: வாடிக்கையாளரை இழக்கவும் முடியாது, அளவை நம்பவும் முடியாது என்ற நிலையில். பீஸுக்கு 1.50 என்பது அந்தப் பயத்துக்குக் கட்டும் பிரீமியம். 8,000 பீஸுக்கு மாதம் 12,000 ரூபாய்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மூன்றாவது ஷிஃப்ட் | ஓ.டி. | வெளியே |
|---|---|---|---|
| 8,000 பீஸில் அடக்கம் | 32.66 | அத்தனை எடுக்க முடியாது | 35.50 |
| 2,000 பீஸில் அடக்கம் | 60-க்கு மேல் | 31 | 35.50 |
| மாதம் எடுக்கக்கூடியது | 8,000 | சுமார் 2,000 | அவர் மெஷினைப் பொறுத்து |
| பீஸ் இல்லாவிட்டாலும் போகும் பணம் | 1,26,000 + மறைமுகச் செலவு | இல்லை | இல்லை |
| ஆர்டர் நின்றால் | ஒரு மாதச் சம்பளம் தண்டம், சுமார் 97,500 | மறுநாளே நிறுத்தலாம் | மறுநாளே நிறுத்தலாம் |
| ரிஜெக்‌ஷன் யார் கையில் | நம் கையில், இரவில் | நம் கையில் | பாதி அவர் கையில் |

2,000 ஓ.டி.யிலும் 6,000 வெளியிலும் என்று கலந்தால் மொத்தம் 2,75,000. வருமானம் 2,72,000. மாதம் 3,000 நஷ்டம். நைட்டில் 10,750 லாபம். இரண்டுக்கும் இடையே சுமார் 14,000 ரூபாய்தான். அதற்காக ஆர்டர் நின்றால் 97,500 போகும் ஆபத்தை எடுப்பதா? அந்த விலையில், வெறும் வாய்வார்த்தை ஆர்டருக்கு, நான் எடுக்க மாட்டேன் என்றேன்.

## அப்போ என்ன விலை சொல்வது

தம்பி 36 கேட்கலாம் என்றார். கேட்கலாம், ஆனால் 6,000 பீஸ் வந்தால் 36-உம் நஷ்டம்தான். செலவு இரண்டு துண்டாக இருக்கும்போது விலையை மட்டும் ஏன் ஒரே துண்டாகச் சொல்ல வேண்டும்? ஷிஃப்ட் திறக்கும் கட்டணம் மாதம் 1,50,000, அதன்மேல் பீஸுக்கு 15 ரூபாய் என்று எழுதச் சொன்னேன். 8,000 பீஸுக்கு இது 2,70,000, அதாவது பீஸுக்கு 33.75. வாடிக்கையாளர் கேட்ட 34-ஐவிடக் கால் ரூபாய் குறைவு. 4,000 பீஸ்தான் வந்தது என்றால் அவர் 2,10,000 கொடுப்பார்; நம் செலவு 2,07,750. 2,000 வந்தாலும் ஆயிரம் ரூபாய்தான் கைநஷ்டம். ஆர்டர் குறையும் ஆபத்து, அதைத் தீர்மானிக்கிறவர் கைக்கே போய்விடுகிறது.

இதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. இதே வாடிக்கையாளர் மாதம் 12,000 பீஸ் வழக்கமான வேலையை 46 ரூபாய்க்குத் தருகிறார். நைட் பீஸை 34 என்று பில்லில் எழுதினால், அடுத்த ரேட் பேச்சில் அவருடைய பர்ச்சேஸ் ஆள் அந்த பில்லை எடுத்து வைப்பார். அங்கே ஒரு ரூபாய் குறைத்தாலே மாதம் 12,000 போச்சு. நைட்டில் வந்த மொத்த லாபமும் அதில் முடிந்தது. 1,50,000 + 15 என்று எழுதியிருந்தால், 46-உடன் வைத்து ஒப்பிட அதில் ஓர் எண் இல்லை.

ஓனர் இதை லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்பினார். பர்ச்சேஸில் இருந்தவர் போனில் முதலில் கேட்டது, "ஷிஃப்ட் திறக்கும் கட்டணமா? அப்படியெல்லாம் எங்க சிஸ்டத்துல போட முடியாதுங்களே." இரண்டு நாள் இழுத்தார்கள். கடைசியில் மாதம் 7,500 பீஸுக்குக் குறைந்தால் குறைந்த பீஸ் ஒவ்வொன்றுக்கும் 19 ரூபாய் ஈடு என்றும், ரேட் 35 என்றும் ஒத்துக்கொண்டார்கள். 7,500-இல் நம் அடக்கம் சுமார் 33.95. அந்தப் புள்ளிக்குக் கீழே குறையும் ஒவ்வொரு பீஸுக்கும் நமக்குப் போவது 35-இல் 13.40 கழித்த 21.60, கிடைப்பது 19. இடையே இருக்கும் 2.60-ஐ ஓனர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதன்படி 3,000 வரை இறங்கினாலும் மாத இழப்பு மூவாயிரம் நாலாயிரத்துக்குள் நிற்கும் என்று பார்த்த பிறகுதான் நைட் ஆபரேட்டருக்கு ஆள் தேடச் சொன்னேன். இரண்டாவது ஷிஃப்ட்டுக்கான 50 ரூபாயையும் அதே நாளில் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிவிட்டேன்.